குறைவது ஏன்: நித்யாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நித்யா,

உன் மாதத் தேர்வு விடைத்தாளைப் பார்த்தேன். இருபதுக்கு ஆறு வாங்கிவிட்டு, "எனக்கு எகனாமிக்ஸ் வராது மிஸ்" என்று கீழே பென்சிலில் எழுதியிருக்கிறாய். வராது என்று தாளைப் பார்த்தால் தெரியவில்லை. ஒரே ஒரு இடத்தில் சறுக்கியிருக்கிறாய், அதற்கு அடுத்த நான்கு விடைகளும் அதோடு சேர்ந்து சரிந்துவிட்டன. வகுப்பில் சொன்னால் மணி அடித்துவிடும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

மூன்றாம் கேள்வியில், சந்தையில் தனி ஒருவராக விற்கும் முற்றுரிமையாளரின் இறுதிநிலை வருவாய், அதாவது இன்னும் ஓர் அலகு விற்பதால் மொத்த வருவாயில் கூடுவது, கேட்டிருந்தார்கள். விலை எவ்வளவோ அதையே இறுதிநிலை வருவாய்ப் பத்தியிலும் வரிசையாக இறக்கி வைத்திருக்கிறாய். பக்கத்தில் காரணமும் எழுதியிருக்கிறாய்: "மூன்றாவது அலகு அந்த விலைக்குத்தான் விற்கிறது, எனவே அதனால் வருவது அந்த விலைதான்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. போன பாடத்தில், ஏராளமானவர்கள் ஒரே சந்தை விலைக்கு விற்கும் நிறைவுப் போட்டியில், இதுவே சரியான விடையும்கூட. அதனால்தான் கை தானாக அப்படி எழுதிவிட்டது.

கேள்வித்தாளை ஓரமாக வை. ஓர் ஊரில் பட்டுப்புடவைக்குக் குச்சு கட்ட ஓர் அக்கா மட்டும்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள். வாசலில் சிலேட்டில் விலை எழுதி மாட்டுவார். 500 ரூபாய் என்றால் அன்றைக்கு ஒரு புடவைதான் வரும். 450 என்றால் இரண்டு, 400 என்றால் மூன்று, 350 என்றால் நான்கு, 300 என்றால் ஐந்து. இதுதான் அவருடைய தேவைக் கோடு. ஒரு விஷயம் முக்கியம்: எல்லோருக்கும் ஒரே விலை. ஒருத்திக்கு 450, இன்னொருத்திக்கு 400 என்று வாங்கினால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் வாசலில் சண்டைதான்.

இப்போது நீ தடுக்கி விழுந்த இடத்துக்கு வருவோம். அட்டவணையை மேலிருந்து கீழே படிக்கும்போது, முதல் புடவையை 500க்கு முடித்துவிட்டார், இரண்டாவதை 450க்கு, மூன்றாவதை 400க்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதுபோல உனக்குத் தோன்றியிருக்கிறது. அப்படி இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு தனி நாள். சிலேட்டில் 450 எழுதிய நாள் ஒன்று, 400 எழுதிய நாள் வேறொன்று. 400 எழுதிய நாளில் வரும் மூன்று பேருமே 400தான் கொடுப்பார்கள். 450 கொடுக்கத் தயாராக இருந்த அந்த இரண்டு பேரும் உட்பட. அவர்களுக்கு அது அதிர்ஷ்டம், அக்காவுக்கு அது நஷ்டம்.

கணக்குப் போட்டுப் பார். 450 நாளில் கையில் வருவது 900. 400 நாளில் 1200. மூன்றாவது புடவையால் கூடியது 300தான். 400 இல்லை. மீதி 100 எங்கே போனது? மூன்றாவது புடவை 400 கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதை வரவழைக்க விலையை 50 குறைத்தாரே, அந்த 50 முதல் இரண்டு புடவைகளிலும் போய்விட்டது. இரண்டு ஐம்பது, நூறு. 400இல் நூறு கழித்தால் 300. இறுதிநிலை வருவாய் தேவைக் கோட்டுக்குக் கீழே கிடப்பதற்கு முழுக் காரணமும் இந்தக் கழித்தல்தான்.

அடுத்த வரி, 350. நான்காவது புடவை 350 தருகிறது, ஏற்கெனவே வந்திருக்கக்கூடிய மூன்றில் ஆளுக்கு ஐம்பதாக 150 போகிறது. மிச்சம் 200. ஐந்தாவதுக்கு 300 வரவு, 200 இழப்பு, மிச்சம் 100. விலை ஐம்பது ஐம்பதாகத்தான் இறங்குகிறது, இறுதிநிலை வருவாயோ நூறு நூறாக இறங்குகிறது. கோடு பிரிந்துகொண்டே போவது இதனால்தான்: அளவு கூடக் கூட, விலைக் குறைப்பு அத்தனை அதிகப் புடவைகள்மேல் விழுகிறது. முதல் புடவைக்கு மட்டும் இரண்டும் 500, ஏனென்றால் அதற்கு முன்னால் இழக்க எதுவுமில்லை.

சிலேட்டில் 250 எழுதினால் ஆறு புடவை வரும். 250 வரவு, ஐந்து ஐம்பது 250 இழப்பு. கூடியது பூஜ்யம். ஐந்து கட்டினாலும் 1500, ஆறு கட்டினாலும் 1500, விரல் வலிதான் மிச்சம். 200 எழுதினால் ஏழு புடவை வந்தும் மொத்தம் 1400 ஆகிவிடும். விலை 200 ரூபாய், இறுதிநிலை வருவாய் கழித்தல் 100! நீ தாளில் "விலை எதிர்மறை ஆகாது, ஆகவே இறுதிநிலை வருவாயும் ஆகாது" என்று எழுதியதற்குப் பதில் இந்த வரியில் இருக்கிறது.

சூத்திரமாக வேண்டும் என்றால் இது:

MR = P + Q × (ΔP ÷ ΔQ)

MR இறுதிநிலை வருவாய், P குறைத்த பிறகான விலை, Q அதற்கு முன் விற்ற பழைய அலகுகள், Δ என்றால் மாற்றம். முதல் உறுப்பு புதிய அலகின் வரவு. இரண்டாவது பழைய அலகுகளின் இழப்பு. தேவைக் கோடு கீழ்நோக்கிச் சரிவதால் ΔP ÷ ΔQ எதிர்மறை, அதனால் கூட்டல் குறி போட்டிருந்தாலும் நடப்பது கழித்தல். நிறைவுப் போட்டியில் இந்த இரண்டாவது உறுப்பு பூஜ்யம். கோயம்பேட்டுக்கு ஒரு விவசாயி இன்னும் ஒரு பெட்டி தக்காளி கொண்டுவந்தால் சந்தை விலை அசையாது, பழைய பெட்டிகளில் இழப்பும் இல்லை. அங்கே விலையும் இறுதிநிலை வருவாயும் ஒன்றாகவே கிடக்கும். இரண்டு பாடங்களுக்கும் தனித்தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்யாதே, ஒன்றே போதும்.

தேர்வில் சில சமயம் தேவைக் கோட்டைச் சமன்பாடாகக் கொடுப்பார்கள். நம் குச்சுக் கணக்கு P = 550 − 50Q, இங்கே Q அன்றைய மொத்தப் புடவைகள். மொத்த வருவாய் 550Q − 50Q², அதை வகையிட்டால் MR = 550 − 100Q. சரிவு இரு மடங்கு ஆனதைக் கவனி. இதில் Q = 3 போட்டால் 250 வரும், நாம் அட்டவணையில் 300 அல்லவா போட்டோம் என்று நீ குழம்புவாய், கட்டாயம் குழம்புவாய். அட்டவணையில் வருவது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட மாற்றம். Q = 2.5 போட்டுப் பார், 300 வரும். அட்டவணை கொடுத்தால் கழித்துப் போடு, சமன்பாடு கொடுத்தால் வகையிடு, இரண்டையும் ஒரே விடையில் கலக்காதே.

இன்னொன்று, பாடத்தில் இல்லாதது. 1838இல் கூர்நோ என்ற பிரெஞ்சுக்காரர் முற்றுரிமையை விளக்க ஒரு கனிம நீரூற்றை எடுத்துக்கொண்டார். தண்ணீர் எடுக்கச் செலவே இல்லை. செலவில்லாதபோதும் உரிமையாளர் இருக்கும் நீரை எல்லாம் விற்க மாட்டார், இறுதிநிலை வருவாய் பூஜ்யமாகும் இடத்தில் நிறுத்திவிடுவார். ஏன் என்று உனக்கு இப்போது தெரியும்.

அந்த அக்கா ஆளுக்கு ஆள் வேறு விலை வாங்கி, யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டால் என்ன ஆகும்? 450 கொடுப்பவரிடம் 450ஐயே வாங்கிவிட்டு, மூன்றாமவரிடம் மட்டும் 400 வாங்கினால் மூன்றாவது புடவையால் கூடுவது எவ்வளவு? இதை யோசித்து வை. இரண்டு பாடம் தள்ளி விலை பேதம் வரும்போது கேட்பேன்.

சனிக்கிழமைக்குள் மூன்றாம் கேள்வியைத் திரும்பப் போட்டு வாட்ஸாப்பில் படம் அனுப்பு. ஒவ்வொரு வரியிலும் வரவு, இழப்பு, மிச்சம் என்று மூன்று பத்தி போட்டு எழுது. மிச்சம் மட்டும் எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
சுமதி மிஸ்