கவிதாவுக்கு ஒரு பரிந்துரை

கவிதா 3 ஆண்டுகள் என் டீமில் டெஸ்டராக இருந்தார். எங்கள் அலுவலகம் பெங்களூரில், பெல்லந்தூரில். மருத்துவமனைகளுக்கான நோயாளிப் பதிவு மென்பொருள் செய்கிறோம். அவருடைய வேலையைத் தினமும் பார்த்தவன் நான் என்பதால், இங்கே எழுதுவது எதுவும் கேள்விப்பட்டதில்லை.

ஓசூரில் ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. பழைய நோயாளிகள் சிலருடைய பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. பதிவு மேசையில் இருப்பவர்கள் புதிதாகப் பதிந்துவிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு. எங்களிடம் சோதித்தால் எல்லாம் சரியாக வந்தது. தட்டச்சுப் பிழைதான், மூடிவிடலாம் என்று நானே சொன்னேன். கவிதா கேட்கவில்லை. பஸ் பிடித்து ஓசூர் போய், ஒரு நாள் முழுக்க அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வந்தார். கையில் ஒரு தாள்: கோபால், கோமதி, பொன்னி, மனோகர். "சார், எல்லாப் பேர்லயும் முன்னாடி கொம்பு, பின்னாடி கால்" என்றார்.

தமிழில் 'கோ' என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வுக்கு அடுத்து ஒரே குறியாக U+0BCB வரலாம்; அல்லது U+0BC7, U+0BBE என்று இரண்டாகப் பிரிந்தும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடலுக்கு மட்டும் அவை வேறு வேறு சொற்கள். அங்கே பழைய பதிவுகளை வேறொரு கீபோர்டில் அடித்திருந்தார்கள். இரண்டு வடிவங்களின் குறியீடுகளையும் அருகருகே அச்செடுத்து டெவலப்பர்கள் முன் வைத்தார் கவிதா. சேமிக்கும்போதும் தேடும்போதும் பெயரை NFC என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்ற வேண்டும் என்ற யோசனையும் அவருடையதுதான்.

அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். இரட்டைப் பதிவுகளைப் பெயரை வைத்துத் தானாகவே சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. "பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணா ஆயிடுமா? ஒருத்தரோட மருந்து அலர்ஜி இன்னொருத்தர் கோப்புக்குப் போயிடும்" என்று தடுத்துவிட்டார். பிறந்த தேதி, போன் எண் இரண்டையும் மருத்துவமனை ஆட்களே ஒப்பிட்டு உறுதி செய்த பிறகுதான் ஒவ்வொரு கோப்பும் சேர்ந்தது. வேலை இழுத்தது, ரிலீஸ் தள்ளிப்போனது. அவர் செய்தது சரி.

தான் கண்டுபிடிக்கும் பிழைகளைத் தெளிவாக எழுதுவார். படித்தவர் திரும்பக் கேள்வி கேட்டு வரவேண்டியிருக்காது.

ஆட்டோமேஷன் ஸ்கிரிப்டுகள் எழுதுவதைப் போன வருடம்தான் தொடங்கினார். அதில் கைதேர்ந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். வேகமாகக் கற்கிறார், அவ்வளவுதான். ஆனால் தமிழிலோ வேறு இந்திய மொழிகளிலோ ஓடும் மென்பொருளை, அதுவும் தப்பு நடந்தால் ஒரு மனிதருக்குப் பாதிப்பு வரும் இடத்தில், யாரை நம்பி ஒப்படைக்கலாம் என்று கேட்டால் தயங்காமல் கவிதாவின் பெயரைச் சொல்வேன். மேற்கொண்டு விவரம் வேண்டுமென்றால் என்னிடம் நேரடியாகவே பேசலாம்.