கிரெடிட் கார்டு ஆண்டுக் கட்டணம் ₹1,178.82-ஐத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
செ. மாலதி,
அண்ணா நகர், மதுரை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
கிரெடிட் கார்டு பிரிவு.

நாள்: 12.11.2025

கார்டு எண்: கடைசி நான்கு இலக்கம் 4417

ஐயா / அம்மா,

அக்டோபர் 18 தேதியிட்ட ஸ்டேட்மென்டில் ஆண்டுக் கட்டணம் ₹999, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ₹179.82, ஆக ₹1,178.82 பற்று வைத்திருக்கிறீர்கள். இந்தத் தொகை எனக்கு வரவே கூடாது.

இந்தக் கார்டை 2024 அக்டோபர் 5 அன்று வாங்கினேன். கூடவே வந்த மின்னஞ்சலில், "ஓராண்டில் ₹1,00,000 செலவு செய்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி" என்று எழுதியிருந்தது. 2025 அக்டோபர் 4 வரை நான் செலவழித்தது ₹1,46,300. பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டும் உங்களிடமே இருக்கிறது, கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கஸ்டமர் கேரில் கேட்டபோது, பெட்ரோலும் இன்சூரன்ஸ் பிரீமியமும் கணக்கில் சேராது என்றார்கள். மின்னஞ்சலில் அப்படி ஒரு வரி இல்லை. சரி, அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் ₹14,850, பிரீமியம் ₹21,200 இரண்டையும் கழித்தாலும் ₹1,10,250 நிற்கிறது. அதைச் சொன்னதும், "சிஸ்டம் தானாகப் போட்டுவிட்டது மேடம், 500 ரிவார்டு பாயின்ட் தருகிறோம்" என்றார்கள். பாயின்ட் எனக்கு வேண்டாம். பிடித்த பணம்தான் வேண்டும்.

நவம்பர் 4 அன்று பில்லை முழுதாகக் கட்டிவிட்டேன். பாக்கி வைத்தால் தாமதக் கட்டணம், வட்டி, சிபில் ஸ்கோர் என்று எனக்குத்தான் தலைவலி. கட்டியதை வைத்து கட்டணத்தை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார்டு கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லாத கட்டணத்தை, வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு கிரெடிட் கார்டு நெறிமுறை சொல்கிறது. கட்டணத்தில் மாற்றம் இருந்தால் ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தள்ளுபடி நிபந்தனை மாறியதாக எனக்கு எந்தக் கடிதமும் எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை.

ஆகவே ₹1,178.82 முழுவதையும் என் கார்டு கணக்கில் வரவு வையுங்கள். ₹999-ஐ மட்டும் திருப்பிவிட்டு ஜிஎஸ்டியை அப்படியே விட்டுவிடுவது உண்டு என்று கேள்விப்பட்டேன். கட்டணமே இல்லையென்றால் அதற்கு வரி எங்கிருந்து வரும்? முடியாது என்றால், எந்த விதியின்படி, எந்தெந்தச் செலவைக் கழித்தீர்கள் என்பதை ஆதாரத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள். புகாரைப் பெற்றதற்கான எண்ணையும் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலும், வரும் பதில் சரியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்வேன்.

கார்டை நிறுத்துவதா வேண்டாமா என்பதை உங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
செ. மாலதி

இணைப்பு: தள்ளுபடி மின்னஞ்சலின் நகல், 2024 அக்டோபர் முதல் 2025 அக்டோபர் வரையிலான ஸ்டேட்மென்ட்கள், பணம் கட்டிய ரசீது.