பணியாளர் கருத்துத் தாள்கள்: தொகுப்பு

திருப்பூர் தையல் யூனிட். நிர்வாகத்துக்கும் பணிக்குழுவுக்கும்.

240 பேருக்குத் தாள் கொடுத்தோம், 163 திரும்பி வந்தன. "இங்கே எது மாற வேண்டும்?" என்ற கடைசிக் கேள்விக்கு எழுதியவர்கள் 118 பேர். ஒருவரே இரண்டு மூன்று விஷயம் சொல்லியிருப்பதால், கீழே உள்ள எண்களைக் கூட்டினால் 118-ஐத் தாண்டும்.

ஓவர்டைம் தகவல்: 47 பேர்

ஓவர்டைமே வேண்டாம் என்றவர்கள் 6 பேர்தான். மற்ற 41 பேர் கேட்பது, காலையிலேயே சொல்லுங்கள் என்பதை. ஷிப்மென்ட் வாரத்தில் ஐந்து மணிக்கு மேல் அறிவிப்பு வருவதுதான் அவர்களுடைய பிரச்சினை.

"அஞ்சு மணிக்கு மேல சொன்னா வீட்டுக்கு எப்படிங்க தகவல் சொல்றது?"

"மாட்டோம்னு சொல்லல. காலையில சொல்லிட்டாப் போதும்."

கழிப்பறை, தண்ணீர்: 38 பேர்

"டீ டைம் பூராவும் வரிசையிலயே போயிடுது."

வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் இது இரண்டாவது என்றாலும், முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

சூப்பர்வைசர்கள் பேசும் விதம்: 29 பேர்

"தப்புப் பண்ணினா சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் கத்தாதீங்க."

இந்தத் தலைப்பில் இந்த ஒரு மேற்கோளை மட்டும் வைத்திருக்கிறேன். மற்றவற்றில் எந்த லைன், எந்த நாள், என்ன வார்த்தை என்று இருக்கிறது. பெயரை அடித்துவிட்டாலும், அன்றைக்கு அங்கே இருந்தவர் படித்தால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். மனதைத் தொட்ட வரிகள் அவை. விட மனமில்லாமல்தான் விட்டேன். எண்ணிக்கையில் எல்லாமே உண்டு.

பஸ் நேரம்: 21 பேர். இரவு வண்டி கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதே பெரும்பாலும். மேற்கோள் எதுவும் சேர்க்கவில்லை, எல்லாவற்றிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது.

நன்றாக இருக்கிறது என்றவை: 19 பேர்

"சனிக்கிழமை சம்பளம் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போனதில்ல."

மற்றவை: 12 பேர். ஐந்து பேருக்குக் குறைவாகச் சொன்ன விஷயங்களை இங்கே சேர்த்துவிட்டேன், தனியே காட்டவில்லை. அவசர வழியில் பண்டல் அடுக்கியிருப்பதாக வந்த கருத்தை மட்டும் இந்தத் தொகுப்புக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்லியாச்சு. யார், எத்தனை பேர் சொன்னார்கள் என்று அவர்களிடமும் சொல்லவில்லை.

இந்தி, ஒடியாவில் வந்த கருத்துகளும் இதே எண்களுக்குள் இருக்கின்றன. மொழிவாரியாகப் பிரிக்கவில்லை. ஒடியாவில் எழுதக்கூடியவர்கள் இங்கே சிலரே என்பதால், பிரித்தால் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மேற்கோள்களில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆணா பெண்ணா, எந்தப் பிரிவு, எத்தனை வருட சர்வீஸ் என்று காட்டும் வரி எதையும் மேற்கோளாகச் சேர்க்கவில்லை.

கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அசல் தாள்களை யாருக்கும் காட்ட மாட்டேன். பணிக்குழு எண்களைச் சரிபார்த்ததும், அவர்கள் முன்னிலையிலேயே தாள்கள் கிழிக்கப்படும். அதுவரை தாள்கள் பூட்டியே இருக்கும், சாவி என்னிடம் இருக்கும்.

மனிதவளப் பிரிவு