அப்பாவுக்கு போனில்: ரவுட்டரை அணைத்துப் போடுவது

அப்பா, வீட்டில் நெட் வரவில்லை போலிருக்கிறது, வாட்ஸ்அப்பில் மணி போகவே இல்லை, அதனால்தான் நேராக உங்கள் செல்லுக்கே அடித்தேன். லேண்ட்லைனில் பேச வேண்டாம், அந்தப் போன் ரவுட்டரில் செருகியிருக்கிறது, ரவுட்டரை அணைத்த உடனே நம் பேச்சும் அறுந்துவிடும். ஸ்பீக்கரைப் போட்டு போனை டிவி மேஜையில் வையுங்கள். உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும். அம்மாவை அந்த சீரியல் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு உங்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது ரவுட்டர் மேலே என்ன இருக்கிறது? லேஸ் துணியா? அம்மா, தூசிக்குத்தான் போட்டாய், தெரியும், ஆனால் சத்துவாச்சாரி வெயிலில் மே மாதம் அதற்குப் போர்வை போர்த்தினால் பாவம் அது என்ன செய்யும்? எடுத்துவிடு, திரும்பப் போடாதே. அப்பா, தொட்டுப் பாருங்கள். தோசைக்கல் மாதிரி சுடுகிறதா? அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்பக்கம் வரிசையாக விளக்குகள் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல், ஓ, எஸ் என்று எழுதியிருக்கும் விளக்கை மட்டும் பாருங்கள். எரியவில்லையா? நல்லது. அது சிவப்பாக மின்னினால் வெளியே கேபிள் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் வீட்டுக்குள் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, ஆளைத்தான் கூப்பிட வேண்டும். மற்ற விளக்குகள் பச்சையாக எரிந்தும் நெட் வரவில்லை என்றால் பெரும்பாலும் ரவுட்டர் உறைந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

செய்வதற்கு முன்னால் இரண்டு விஷயம். பின்பக்கம் நூல் மாதிரி மெல்லிசாக ஒரு கேபிள் வரும், நம் வீட்டில் மஞ்சள். அதைத் தொடாதீர்கள், மடக்காதீர்கள், உள்ளே கண்ணாடி இழை இருக்கிறது. அப்புறம் ஊசி போகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை தெரியும், ரீசெட் என்று எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து அதில் குச்சியை விட்டு அழுத்தலாம் என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அழுத்தினால் பாஸ்வேர்டு முதல் எல்லாம் அழிந்துவிடும், நான் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணையுங்கள். என்ன, விளக்கு இன்னும் எரிகிறதா? ஆமாம், கரண்ட் போனாலும் நெட் நிற்கக் கூடாது என்று ஒரு குட்டி யூ.பி.எஸ். வாங்கி வைத்தோமே, அது பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் ரவுட்டரின் பின்னால் வட்டமாக, கறுப்பாகச் செருகியிருக்கும் பின்னை இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், முனையைப் பிடித்து நேராக. அம்மா, நீ இன்னொரு கையால் ரவுட்டரைப் பிடித்துக்கொள், இல்லை என்றால் அது மேஜையை விட்டு வந்துவிடும். வந்துவிட்டதா? எல்லா விளக்கும் அணைந்ததா? ஒன்று கூட எரியக் கூடாது.

இனிமேல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். உடனே செருகினால் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும், பழைய குழப்பமும் அப்படியே இருக்கும். அவசரமே இல்லை, இங்கே ஸ்டுட்கார்ட்டில் எனக்கு மதியம் சாப்பாட்டு நேரம்தான். காட்பாடிக்குப் போய் மாம்பழம் வாங்கினீர்களா? பங்கனப்பள்ளியா, ருமானியா? சரி சரி, போதும், நிமிடம் ஆகிவிட்டது.

வட்டப் பின்னைத் திரும்ப அதே ஓட்டையில் கடைசி வரை அழுத்துங்கள், பாதி செருகினால் விட்டு விட்டு எரியும். சுவர் ஸ்விட்சையும் போடுங்கள். இப்போது விளக்குகள் கண்ட கண்ட நிறத்தில் மின்னும், சில நேரம் எல்லாம் அணைந்தும் போகும், அதைப் பார்த்துப் பயந்து திரும்ப அணைத்துவிடாதீர்கள். நான்கைந்து நிமிடம் பிடிக்கும். ரவுட்டர் முன்னால் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் வராது, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

போனில் மேலே விசிறி மாதிரி வைஃபை குறி வந்ததா? வந்தும் ஆச்சரியக்குறி காட்டினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அது போன பிறகு வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், இரண்டு டிக் விழுந்தால் நானே வீடியோவில் வருகிறேன். பத்து நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் நம் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். எல்.ஓ.எஸ். சிவப்பானால் "எல்.ஓ.எஸ். சிவப்பாக இருக்கிறது" என்று அந்த ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள், அவர் வேறு எதுவும் கேட்க மாட்டார்.

அப்புறம் அந்தப் பின் ஆடுகிறது என்றால் சொல்லுங்கள். புது அடாப்டர் வாங்கக் கடைக்குப் போகும்போது பழையதையே கையில் எடுத்துப் போங்கள், அதன் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும், அதே அளவில்தான் வாங்க வேண்டும், கடைக்காரர் "இதுவும் ஓடும் சார்" என்று வேறு எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள்.