ஓடர் OD-582914: பிரிக்காமல் திருப்பி அனுப்பிய பார்சலுக்குரிய பணத்தை வங்கிக் கணக்கில் வைப்பிலிடக் கோருதல்

உப்புவெளி,
திருகோணமலை.
09.10.2025

ரிட்டேர்ன் பிரிவுப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். செப்டெம்பர் 9ஆம் திகதி உங்கள் தளத்தில் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை கேஷ் ஒன் டெலிவரி முறையில் ஓடர் செய்தேன். வந்தது நான் கேட்ட மெஷின் இல்லை. பெட்டியைப் பிரிக்காமலே, நீங்கள் சொன்ன முகவரிக்குத் திருப்பி அனுப்பினேன். செப்டெம்பர் 18ஆம் திகதி அது உங்கள் களஞ்சியத்தில் கையொப்பத்துடன் ஒப்படைக்கப்பட்டு இன்று மூன்று கிழமை. பணம் இன்னும் வரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்கள் பதில் சொல்வதால், நடந்தது முழுவதையும் இந்த ஒரே மின்னஞ்சலில் தருகிறேன்.

மெஷின் என் அப்பாவுக்கு. அவருக்கு வயது 71. கிளினிக்கில் மிஸ் அவருடைய மேற்கையை அளவுநாடாவால் அளந்து பார்த்து, 36 சென்றிமீற்றர் இருக்கிறது, சாதாரண கஃப் கட்டினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும், பெரிய கஃப் உள்ள மெஷினாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் 22 முதல் 42 சென்றிமீற்றர் வரைக்குமான கஃப் உள்ளதை உங்கள் தளத்தில் தேடி எடுத்தேன். ஓடர் செய்ய முதல் உங்கள் சட்டில் "42 வரை வருமா?" என்று கேட்டு, "ஓம், வரும்" என்ற பதிலும் எடுத்தேன். அந்த ஸ்கிரீன்ஷொட் இணைப்பு 1.

செப்டெம்பர் 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் கூரியர் தம்பி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அப்பாதான் தன் பென்ஷன் காசில் 12,300 ரூபாவை எண்ணிக் கொடுத்துப் பார்சலை வாங்கி வைத்தார். மெஷினுக்கு 11,900, டெலிவரிக்கு 400. காசைக் கையில் கொடுக்காமல் பார்சலைத் தரமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

"பிரிக்கவில்லை" என்று நான் சொல்வதை நீங்கள் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக ஒரு விஷயத்தை விபரமாகச் சொல்கிறேன். உங்கள் பார்சல் கறுப்புக் கவரில் வரவில்லை. பெட்டியின்மேல் குமிழ் பிளாஸ்டிக் சுற்றி, அதன்மேல் மண்ணிறச் செலோடேப் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து டியூப் லைற்றுக்குக் கீழே திருப்பிப் பார்த்தபோது, குமிழ்களுக்கு ஊடாகப் பெட்டியின் பக்கவாட்டில் Cuff: 22-32 cm என்று அச்சடித்திருந்தது தெரிந்தது. அப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அதற்குமேல் செலோடேப்பில் நகம்கூட வைக்கவில்லை. சீல் உடைத்த மருத்துவச் சாதனங்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று உங்கள் தளத்திலேயே போட்டிருக்கிறீர்கள், அது நியாயமும்தான். அன்று இரவு 7.40க்கே ஆறு பக்கமும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். இணைப்பு 2.

மறுநாள் சனிக்கிழமை காலை உங்கள் பக்கமிருந்து வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "மன்னிக்கவும், தவறான அளவு அனுப்பப்பட்டுள்ளது. பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். கிடைத்து 7 வேலை நாட்களுக்குள் முழுப் பணமும் உங்கள் வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்படும். ரிட்டேர்ன் இலக்கம் RT-20417." இணைப்பு 3.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் டொக்யார்ட் வீதியில் உள்ள கூரியர் கவுண்டரில் பார்சலைக் கொடுத்தேன். நீங்கள் அனுப்பியபோது உங்கள் லேபிளில் எடை 0.88 கிலோ. கவுண்டரில் நிறுத்தபோதும் 0.88 கிலோதான். அதற்குப் பிறகுதான் மேலே இன்னொரு கவர் போட்டார்கள். தராசில் பார்சல் இருக்கும் படத்தை இணைப்பு 4இல் பாருங்கள். அனுப்புகூலி 550 ரூபா, பற்றுச்சீட்டு இணைப்பு 5.

கூரியர் தளத்தில் இந்த இலக்கத்தை அடித்தால் இன்றைக்கும் இப்படித்தான் காட்டுகிறது:

```
Waybill: 4471826035
15.09.2025 13:10  Picked up - Trincomalee
16.09.2025 22:45  In transit
17.09.2025 06:30  Arrived - Colombo
18.09.2025 11:05  Delivered - signed by receiver
```

ஒப்படைத்ததற்கான கையொப்பப் பிரதியையும் கவுண்டரில் கேட்டு எடுத்துவிட்டேன். அதில் உங்கள் களஞ்சியத்தின் ரப்பர் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. இணைப்பு 6.

நீங்கள் சொன்ன 7 வேலை நாட்கள் செப்டெம்பர் 29ஆம் திகதியோடு முடிந்தன. 30ஆம் திகதி கேட்டேன், பார்சல் இன்னும் வரவில்லை என்றார்கள். கையொப்பப் பிரதியை அனுப்பிய பிறகு, ஒக்டோபர் 3ஆம் திகதி, பார்சல் கிடைத்துவிட்டது, ஆனால் கேஷ் ஒன் டெலிவரி ஓடர்களுக்குக் காசு திருப்பித் தருவதில்லை, அடுத்த ஓடருக்குப் பாவிக்கக்கூடிய வவுச்சர்தான் தரலாம் என்றார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். கார்ட்டில் கட்டியிருந்தால் அதே கார்ட்டுக்குப் பணம் திரும்பியிருக்கும். காசாகக் கட்டியவருக்கு அந்த வழி இல்லை என்பதால்தான் வங்கிக் கணக்கைக் கேட்டு வாங்கினீர்கள். வவுச்சர் என்ற சொல் உங்கள் 13ஆம் திகதிப் பதிலில் இல்லை, ஓடர் செய்யும்போது நான் சம்மதித்த நிபந்தனைகளிலும் இல்லை. பிழை உங்கள் பக்கம் நடந்தது என்று நீங்களே எழுதியும் தந்திருக்கிறீர்கள். அந்த 36 சென்றிமீற்றர் கைக்கு ஏற்ற மெஷின் இப்போது உங்களிடம் ஸ்டொக்கில் இல்லை என்று தளம் காட்டுகிறது. வவுச்சரை வைத்து அப்பாவுக்கு நான் எதை வாங்குவது?

இங்கே டவுனில் ஒரு பாமசியில் பெரிய கஃப்போடு அதே மாதிரி ஒன்று இருக்கிறது. எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பணம் வந்தால்தான் அதை எடுக்கலாம். அதுவரைக்கும் அப்பா கிழமைக்கு இரண்டு நாள் வெயிலில் ஓட்டோ பிடித்துப் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வருகிறார். காலையில் மருந்து போட முதல் பார்த்துக் குறித்து வரச்சொன்ன கொப்பியில் மூன்று கிழமைப் பக்கங்களில் பாதிக்குமேல் வெறுமையாகக் கிடக்கிறது. இது எனக்கு வெறும் 12,300 ரூபா விவகாரம் இல்லை என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே, அப்பா கொடுத்த 12,300 ரூபாவையும், உங்கள் பிழையால் நான் கட்டிய அனுப்புகூலி 550 ரூபாவையும் சேர்த்து 12,850 ரூபாவை, ஒக்டோபர் 17ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்கு முன் வைப்பிலிடுங்கள். ரிட்டேர்ன் படிவத்தில் நான் நிரப்பித் தந்த கணக்குத்தான், கடைசி நான்கு இலக்கம் 3386, என் பெயரில் உள்ளது. வைப்பிலிட்டதும் ஸ்லிப்பின் படத்தை இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பினால் போதும். அனுப்புகூலியைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்றால் பிறகு பேசுவோம், அதைக் காரணம் காட்டி 12,300 ரூபாவைத் தாமதிக்க வேண்டாம்.

அந்தத் திகதிக்குள் பணமோ எழுத்தில் பதிலோ வராவிட்டால், இந்த மின்னஞ்சலையும் ஆறு இணைப்புகளையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் முறையிடுவேன். 1977 என்ற அவர்களுடைய இலக்கத்துக்கும் அறிவிப்பேன். அதுவரை போகாமல் இங்கேயே முடித்துக்கொள்ளத்தான் எனக்கு விருப்பம். இதற்கு முன் உங்களிடம் இரண்டு தடவை சாமான் எடுத்திருக்கிறேன், இரண்டும் சொன்னபடியே வந்தன.

பேச வேண்டுமென்றால், ஓடரில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்குப் பின்னேரம் 4.30க்குப் பிறகு எடுங்கள். பகலில் அப்பாவுக்கு எடுத்து இதைக் கேட்க வேண்டாம். தான் காசைக் கொடுத்ததால்தான் இந்தச் சிக்கல் வந்தது என்று அவர் ஏற்கெனவே மனம் வருந்திக்கொண்டிருக்கிறார்.

நன்றி.

இப்படிக்கு,
ம. சுபாஷினி
ஓடர் OD-582914 / ரிட்டேர்ன் RT-20417 / வேபில் 4471826035