பாம்பன் பாலம்: இரண்டு பக்கக் கட்டுரை, ஐந்து நிமிடத்தில்

வணக்கம். 2025 ஏப்ரல் 13, ஞாயிறு காலை. காபி கையில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் போட்டுக்கொண்டே கேளுங்கள்.

இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டது, பாம்பன் புதிய ரயில் பாலத்தைப் பற்றி ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை. இரண்டு முழுப் பக்கம். போன ஞாயிறு பிரதமர் திறந்து வைத்தாரே, அதே பாலம்தான். திறப்பு விழாவை டிவியில் பார்த்திருப்பீர்கள், அதனால் முதல் நான்கு பத்திகளைத் தாண்டிவிடுகிறேன்.

முதலில் பழைய பாலம். 1914 பிப்ரவரியில் திறந்தார்கள். கடல் மேல் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்தில் எழும்பூரில் ரயில் ஏறினால், இந்தப் பாலம் வழியாகத் தனுஷ்கோடி, அங்கே கப்பல் மாறித் தலைமன்னார், மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு என்று போகலாம்.

பாலத்துக்கு அடியில் கப்பல் போக வேண்டுமென்றால், நடுப்பகுதி இரண்டு கதவாகப் பிரிந்து ஆகாயத்தைப் பார்த்து எழும்பும். அதற்கு மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றுவார்கள். சுற்றச் சுற்ற, அந்த இரும்புக் கதவு அங்குலம் அங்குலமாக மேலே போகும். கீழே கப்பல் காத்துக்கொண்டிருக்கும். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் 1964 டிசம்பர். 22-ஆம் தேதி நள்ளிரவு, பெரும் புயலில், பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியைத் தொடும் முன்பே கடல் அதை வாரிக்கொண்டு போனது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே போயிற்று. பாலத்தின் கர்டர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களில், பெரும்பாலானவற்றை அலை பிய்த்துப் போட்டது. ஆனால் அந்த நடுக் கதவு மட்டும் நின்றது.

சீரமைக்கும் வேலை ஒரு இளம் பொறியாளரிடம் வந்தது. பெயர் ஸ்ரீதரன். ஆமாம், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவரேதான். முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்று குறைத்தார்கள். புதிதாகக் கர்டர் செய்ய நேரமில்லை. கடலில் விழுந்ததையே தேடித் தூக்கி மறுபடி மாட்டினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது. அவருக்குக் கிடைத்த ரொக்கப் பரிசு ஆயிரம் ரூபாய்!

அதற்கப்புறம் பாலத்தை அரித்தது உப்புக் காற்று. சாயம் பூசுவதும் துரு சுரண்டுவதும் அங்கே ஓயாத வேலை. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகி ரயில் நின்றுவிடும். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை ஒரேயடியாக நிறுத்தினார்கள்.

இனி புதுப் பாலம். கட்டுரையில் இதற்கு ஒரு பெரிய அட்டவணையே இருக்கிறது. காதால் கேட்கிறவர்களுக்கு மூன்று எண்கள் போதும். நடுவில் தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். அது இரண்டாகப் பிரியாது, லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகும். செலவு சுமார் 550 கோடி ரூபாய். பொத்தானை அழுத்தினால் போதும், நெம்புகோல் இல்லை.

உண்மையான செய்தி இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில் ஒளிந்திருக்கிறது. நானாக இருந்தால் அதைத்தான் தலைப்பாக்கியிருப்பேன். போன நவம்பரில் பாலத்தைச் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், திட்டமிடும் கட்டத்திலேயே குறைகள் இருந்தன என்று எழுதினார். தூக்கும் பகுதி ரயில்வேயின் சொந்தத் தர விதிமுறைப்படி அமையவில்லை என்றார். இப்போதே துரு தெரிகிறது என்றும் சொன்னார். ஐஐடி நிபுணர்கள் சரிபார்த்த வடிவமைப்புதான் என்பது ரயில்வே தரப்பின் பதில். ஆணையர் ரயில் ஓட்ட அனுமதி கொடுத்தார், ஆனால் வேகக் கட்டுப்பாட்டோடு. பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்கும் பகுதியில் 50.

கட்டுரையாளர் இதை நான்கு வரியில் முடித்துவிட்டார். அங்கே கண்ட துருவை என்ன செய்தார்கள், இனி யார் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். படித்து முடித்ததும் எனக்கு வந்த கேள்வி அதுதான்.

இந்தக் கோடையில் ராமேசுவரம் போகிறவர்கள் ஜன்னல் ஓரம் இடம் பிடியுங்கள். நடுவில் வண்டி வேகம் குறையும்போது எட்டிப் பாருங்கள். அடுத்த ஞாயிறு வருகிறேன். வணக்கம்.