மறு: சீனியர் பேக்எண்ட் டெவலப்பர் பணிக்கான பரிந்துரை

வணக்கம் மேடம்,

இந்தப் பணிக்கு என்னை நினைவில் வைத்துக் கேட்டதற்கு நன்றி. நான் இப்போதைக்கு வேலை மாறும் எண்ணத்தில் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய விவரத்தைப் படித்ததுமே இரண்டு பேர் மனதில் வந்தார்கள்.

ஒருவர் என்னோடு மூன்று வருடம் ஒரே டீமில் இருந்தவர். எங்கள் பேமென்ட் சர்வீஸைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்றியபோது, ஒரு பரிவர்த்தனைகூடத் தவறாமல் பார்த்துக்கொண்டது அவர்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். எனக்கே நிறையச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நேற்று பேசினேன், ஆர்வமாக இருக்கிறார். உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருக்கிறேன், இந்த வாரமே ரெஸ்யூமே அனுப்புவார்.

இன்னொருவரிடம் இன்னும் கேட்கவில்லை. அவர் வேலை தேடுவது இப்போதைய அலுவலகத்துக்குத் தெரிந்தால் சங்கடம், அதனால் அவர் சம்மதிக்காமல் பெயரையோ எண்ணையோ தர மாட்டேன். அவரிடம் பேசுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: சம்பள வரம்பு எவ்வளவு, வீட்டிலிருந்தே முழுநேரமும் வேலை செய்யலாமா? சின்னக் குழந்தை இருப்பதால் இரண்டாவதுதான் அவருக்கு முக்கியம்.

அப்புறம், தேர்வானாலும் இல்லாவிட்டாலும் இருவருக்கும் ஒரு பதில் அனுப்பிவிடுங்கள். என்னை நம்பித்தான் விண்ணப்பிப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய விண்ணப்பதாரர்